லைஃப்டைம் ஃப்ரீ கார்டுக்கு ஆண்டுக் கட்டணமா?

'லைஃப்டைம் ஃப்ரீ சார்' என்று சொல்லித்தான் கிரெடிட் கார்டைத் தலையில் கட்டினார்கள், இரண்டாம் வருட ஸ்டேட்மென்டில் பார்த்தால் ஆண்டுக் கட்டணம் 499, ஜிஎஸ்டி 89.82, ஆக மொத்தம் 588.82 ரூபாய். கஸ்டமர் கேரில் அரை மணி நேரம் பாட்டு கேட்பதை விட ஈமெயில் மேல். கார்டு வந்தபோது அனுப்பிய வெல்கம் மெயிலையோ ஏஜென்ட்டின் வாட்ஸ்அப் மெசேஜையோ தேடி எடுத்து இணையுங்கள். நான் எழுதியது இவ்வளவுதான்:

"கடைசி நான்கு எண்கள் ____ கொண்ட என் கார்டு வாழ்நாள் இலவசம் என்று தரப்பட்டது, ஆதாரம் இணைப்பில். ____ தேதி வசூலித்த கட்டணத்தையும் அதற்கான ஜிஎஸ்டியையும் திருப்பி வரவு வையுங்கள். இனி எந்த ஆண்டும் கட்டணம் வராது என்பதை எழுத்தில் உறுதி செய்யுங்கள்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள், இல்லையென்றால் 'இந்த ஒருமுறை சலுகையாக' என்று திருப்பித் தந்துவிட்டு அடுத்த வருடம் மறுபடி போடுவார்கள். கட்டணத்தை மட்டும் திருப்பி ஜிஎஸ்டியை மறப்பதும் உண்டு.

அதுவரை பில்லைக் குறைத்துக் கட்ட வேண்டாம், மீதிக்கு வட்டி ஓடும். முழுசாகக் கட்டினாலும் பணம் கார்டில் வரவாக வந்துவிடும். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள், 30 நாளில் பதில் இல்லையென்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மனிடம் இலவசமாகவே புகார் செய்யலாம்.