சளி போனாலும் இரவு இருமல் போகவில்லை

சளி விட்டு பத்து நாளாகியும், படுத்த அரை மணியில் தொண்டையில் நமைச்சல் தொடங்கி வறட்டு இருமல் வந்துவிடும். மூக்கின் பின்பக்கம் மிச்சமிருந்த சளி, படுத்ததும் தொண்டைக்குள் வடிந்ததுதான் காரணம். மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் பட்டுத் தொண்டை காய்ந்ததும் சேர்ந்துகொண்டது.

படுக்கும் முன் இளஞ்சூடான ஒரு டம்ளர் நீரில் அரை ஸ்பூன் உப்பு கரைத்துக் கொப்பளித்தேன். அப்புறம் ஒரு ஸ்பூன் தேனை மெதுவாக நக்கி விழுங்கினேன். மேலே தண்ணீர் குடிக்கவில்லை. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. இரண்டு தலையணை வைத்து, தோள் முதல் உயர்த்திப் படுத்தேன். தலையை மட்டும் தூக்கினால் கழுத்துதான் வலித்தது.

மூன்றாம் இரவு ஒரே தடவைதான் எழுந்தேன். மூன்று வாரம் தாண்டினாலோ, காய்ச்சல், மூச்சுத்திணறல், ரத்தம் தென்பட்டாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள்.