லீகல் தாள் ஏ4-இல் அடங்கிய கணக்கு

யாங்கோனில் எங்கள் கோயில் சங்கத்தின் பழைய நில ஒப்பந்தம் லீகல் தாளில் இருந்தது. ஏ4 நகல் எடுத்தபோது அடியிலிருந்த முத்திரை பாதி வெட்டுப்பட்டது. கடைத்தம்பி 71% வைத்துப் பார்த்தார். முழுப்பக்கமும் வந்தது, ஆனால் பர்மிய எழுத்தின் வட்டங்கள் அடைத்துப்போய்ப் படிக்க முடியவில்லை.

71 என்பது ஏ3-ஐ ஏ4 ஆக்கும் எண். ஏ4-ஐ ஏ3 ஆக்க 141. இரண்டும் ஒரே வடிவம் என்பதால் நீளம், அகலம் இரண்டும் சரியாகப் பொருந்தும். லீகல் அந்த வடிவமே இல்லை. 216க்கு 356 மி.மீ., அகலத்தோடு ஒப்பிட்டால் ஏ4-ஐவிட நீளம் அதிகம். அதனால் நீளத்தைத்தான் பார்க்க வேண்டும்: ஏ4-இன் நீளமான 297-ஐ 356-ஆல் வகுத்தால் 83%.

"தம்பி, 83 போடுங்க" என்றேன். முத்திரையின் கீழ்க்கோடு மட்டும் மங்கியது, ஏனென்றால் தாளின் ஓரத்தில் சில மி.மீ.க்கு மெஷின் அச்சிடாது. 81க்கு இறக்கினோம், முத்திரை முழுசாக வந்தது, எழுத்தும் தெளிவு. பக்கவாட்டில் வெள்ளை இடம் கொஞ்சம் மிஞ்சும், அதைத் தவிர்க்க முடியாது.

அப்புறம் சுவரில் மாட்ட ஏ3 பிரதி வேண்டியிருந்தது. அதற்கு 141 ஆகாது, நீளம் வெளியே போய்விடும். நீளக் கணக்குப்படி 117 வரும், ஓரத்துக்கு இடம் விட்டு 115 போதும்.