அப்பா, அம்மா பிரிகிறார்கள் என்று தோழி சொன்னால்: எழுதக்கூடாத சில விஷயங்கள்

விஷயம் தெரிந்ததும் ஏதாவது எழுதி அனுப்பியாக வேண்டும் என்று கை பரபரக்கும். அந்த வேகத்தில் பலரும் முதலில் செய்கிற தவறு, தீர்ப்பு சொல்வது. "உங்க அப்பா இப்படிப் பண்ணுவார்னு நினைக்கவே இல்ல", "உங்க அம்மா எடுத்தது சரியான முடிவு" என்பதெல்லாம் எழுதும்போது ஆறுதலாகத்தான் தெரியும். வீட்டில் ஏற்கெனவே ஆளாளுக்கு அவளைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கலாம், நீங்களும் ஒரு கை பிடித்து இழுக்க வேண்டாம். அப்புறம் இன்னொன்று. இன்று அவளே அப்பாவைத் திட்டுவாள், நீங்களும் சேர்ந்து திட்டிவிட்டால், அடுத்த வாரம் அதே அப்பாவை நினைத்து அழுகை வரும்போது அதை உங்களிடம் சொல்ல அவளுக்கு வாய் வராது. அவள் திட்டலாம், அவளுடைய அப்பா. நீங்கள் "கோபம் வரத்தான் செய்யும்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

"சீக்கிரம் சேர்ந்துடுவாங்க பாரு" என்று ஜோசியமும் வேண்டாம். "நீ போய்ப் பேசிப் பாரேன்" என்பது அதைவிட மோசம், ஏனென்றால் இரண்டு பெரியவர்களின் திருமணத்தைக் காப்பாற்றும் வேலையை அவள் தலையில் கட்டுகிறது, நாளை அது நடக்காவிட்டால் தன்னால்தான் என்று அவள் நினைக்கக்கூடும். "தினம் சண்டைக்கு இது தேவலை" என்பது உண்மையாகவே இருந்தாலும் அதை அவள்தான் சொல்ல வேண்டும்.

சரி, என்னதான் எழுதுவது? "எந்த உதவி வேணும்னாலும் கேளு" என்பதில் தவறில்லை, ஆனால் என்ன கேட்பது என்று யோசிக்கும் பாரமும் அவளுக்கே போகிறது. அவள் சொன்னதிலிருந்தே ஒரு நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை அம்மா வேறு வீட்டுக்குப் போகிறார் என்று சொல்லியிருந்தால், இப்படி எழுதலாம்:

"நேத்து நீ சொன்னதையே நினைச்சிட்டிருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வரேன், சும்மா கூட இருக்கேன். இதைப் பத்திப் பேசணும்னா பேசலாம், இல்லன்னா வேற எதையாவது பேசலாம். வர வேண்டாம்னா மட்டும் ஒரு வார்த்தை போடு, மத்தபடி பதில் எழுதலன்னாலும் பரவாயில்ல."

இதில் ஏன், எதற்கு என்ற விசாரணை இல்லை, யார் சரி என்ற பேச்சு இல்லை. நாளும் நேரமும் இருக்கிறது. எழுதிவிட்டுச் சனிக்கிழமை போகாமல் இருந்தால், எழுதாமலே இருந்திருக்கலாம்.

முதல் வாரம் எல்லோரும் விசாரிப்பார்கள், பிறகு சத்தம் அடங்கிவிடும். பிறந்தநாளுக்கு யார் வீட்டில் இருப்பது என்ற கேள்வியெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும், அப்போதும் இரண்டு வரி அனுப்புங்கள்.

ஒரு எச்சரிக்கை: "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் பண்ணாதீர்கள். நண்பர்கள் குழுவில் போடக்கூடாதுதான். ஆனால் வீட்டில் அடி விழுகிறது என்றோ, இருக்கவே பிடிக்கவில்லை என்றோ அவள் சொன்னால், நம்பகமான ஒரு பெரியவரிடமோ மருத்துவரிடமோ அன்றைக்கே போக வேண்டியிருக்கும். "உனக்கு ஆபத்துன்னா மட்டும் சொல்வேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.