ஒரு நட்சத்திரம் கொடுத்தவரைத் தனியாகத் தொடர்புகொள்ளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் தையல் கடை வைத்திருப்பவர்களுக்குத் தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்கள் தூக்கமில்லாத நாட்கள். கூகல் மேப்பில் கடையின் பெயருக்குக் கீழே ஒற்றை நட்சத்திரம் விழுவதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான். ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டே பேசலாம். தேவி என்ற பெயரில் ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார்: “இரண்டு ரவிக்கை தைக்கக் கொடுத்தேன். சொன்ன நாளில் தரவில்லை. கடைசியில் வாங்கிப் போட்டுப் பார்த்தால் கை ஏறவில்லை. போன் செய்தால் யாரும் எடுப்பதில்லை.”

படித்ததும் கடைக்காரருக்கு நெஞ்சு படபடக்கும். உடனே அந்தப் பெண்ணைப் பிடித்துப் பேசிவிட வேண்டும் என்று தோன்றும். பேச நினைப்பது சரிதான். ஆனால் அந்த அவசரத்தில் செய்கிற காரியங்கள் ஒரு நட்சத்திரத்தோடு முடிந்திருக்க வேண்டியதைப் பெரிய சண்டையாக்கிவிடுகின்றன.

ஆளை ஊகித்து அழைப்பது

மிகவும் கெடுதல் செய்கிற தவறு இது. ஆர்டர் புத்தகத்தைப் புரட்டினால் அந்த மாதத்தில் மூன்று தேவிகள் இருப்பார்கள். ஒருவர் பிறையிலிருந்து வந்தவர், ஒருவர் ஜெலுத்தோங்கில் இருப்பவர், இன்னொருவர் போன தீபாவளியிலும் குறை சொன்னவர். “அவராகத்தான் இருக்கும்” என்று மூன்றாமவரை அழைத்து, “ஏன் அக்கா இப்படி எழுதினீர்கள்?” என்று கேட்டால், எழுதாத ஒருவர் தலையில் பழி விழுகிறது. இதுவரை ஒருவருக்குத்தான் மனக்குறை. இனி இருவருக்கு. மேலும், பலர் தங்கள் சொந்தப் பெயரில் எழுதுவதில்லை. கணவரின் கணக்கிலிருந்தோ மகளின் கைப்பேசியிலிருந்தோ எழுதியிருப்பார்கள்.

விமர்சனம் எழுதியவருக்குத் தனிச் செய்தி அனுப்பக் கூகலில் கடைக்காரருக்கு வழி இல்லை. கடைப் பக்கத்தில் முன்பு உரையாடல் வசதி ஒன்று இருந்தது. அதை 2024 ஜூலையோடு நிறுத்திவிட்டார்கள். எனவே தனிப்பேச்சுக்கான கதவு பொதுப் பதில்தான். விமர்சனத்தின் கீழ் நீங்கள் எழுதும் பதில் அவருக்கு அறிவிப்பாகப் போய்ச் சேரும். அந்தப் பதிலிலேயே அவரை அழைக்க வேண்டும். நீளமாக எழுத வேண்டாம்:

“வணக்கம். பண்டிகைக்குத் தைத்த ரவிக்கை போட முடியாமல் போனது எவ்வளவு ஏமாற்றம் என்பது புரிகிறது. மன்னிக்க வேண்டுகிறோம். உங்கள் பில் எண்ணைக் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பினால் நானே பார்த்துச் சரிசெய்கிறேன். கடை உரிமையாளர்.”

இவ்வளவு போதும். எந்தத் தேவி என்பதை அவரே சொல்லட்டும். அவர் எந்த மொழியில் எழுதினாரோ அதே மொழியில் பதில் எழுதுங்கள். அளவு, பாக்கிப் பணம், அவர் எத்தனை முறை டிசைனை மாற்றினார் என்பதெல்லாம் பொதுப் பதிலில் வரக்கூடாது. அவை உண்மையாகவே இருந்தாலும், தன் உடல் அளவு பற்றிய பேச்சு ஊர் பார்க்கும் இடத்தில் வருவதை எந்தப் பெண்ணும் விரும்பமாட்டார்.

விமர்சனத்தில் பில் எண்ணோ, புடவை நிறமோ, தேதியோ தெளிவாக இருந்து, புத்தகத்தில் ஒரே ஒரு ஆர்டரோடுதான் பொருந்துகிறது என்றால் நீங்களே ஒரு செய்தி அனுப்பலாம். தைத்து முடிந்ததும் தெரிவிப்பதற்காகக் கொடுத்த எண் அது. அந்த ஆர்டர் பற்றிப் பேச அதைப் பயன்படுத்துவதில் தவறு காண்பது கடினம். ஆனால் அந்த எண்ணை மைத்துனரிடமோ பழக்கமுள்ள வேறு கடைக்காரரிடமோ கொடுத்து, “நீங்கள் கொஞ்சம் பேசிப்பாருங்கள்” என்பது வேறு விஷயம். மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்காகத்தான் இருக்கிறது: வாடிக்கையாளர் எந்த நோக்கத்துக்காக விவரம் கொடுத்தாரோ அதைத் தாண்டி, அவர் சம்மதமில்லாமல் பிறர் கைக்கு அது போகக்கூடாது.

தெரிந்தவர் மூலம் சொல்லி அனுப்புவது

இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நம்மவர்களிடம் இது அதிகம். பினாங்கில் தமிழ்ச் சமூகம் சின்னது. எழுதியவரின் அம்மாவைக் கோயிலில் பார்த்திருப்போம், மாமா நம் அப்பாவோடு வேலை செய்திருப்பார். “உங்கள் பெண் கடையைப் பற்றி இப்படி எழுதிவிட்டாளே, கொஞ்சம் சொல்லிவையுங்கள்” என்று நல்லவிதமாகத்தான் சொல்வோம். அந்தப் பெண்ணின் காதில் அது எப்படி விழும்? காசு கொடுத்து வாங்கிய சேவையில் குறை சொன்னதற்கு வீட்டுப் பெரியவர்களிடம் தன்னைப் பற்றிப் புகார் போயிருக்கிறது. விமர்சனத்தை அவர் எடுத்தாலும் எடுப்பார். கடைக்கு மட்டும் இனி வரமாட்டார். ஏன் வருவதில்லை என்பதைத் தன் தோழிகள் எல்லோரிடமும் சொல்வார். கூகலில் எழுதியதைவிட அதுதான் கடைக்கு நட்டம்.

பேச வேண்டியவர் ஒருவர், கடைப் பொறுப்பில் இருப்பவர். கடை எண்ணிலிருந்து, கடை நேரத்தில். காலையில் மனைவி அழைத்து, மாலையில் மகன் செய்தி அனுப்பி, இரவு பத்து மணிக்கு முதலாளி அழைத்தால் அதற்குத் தொந்தரவு என்றுதான் பெயர்.

புத்தகத்தைப் பார்க்காமல் பேசத் தொடங்குவது

தேவி பில் எண் 412 என்று அனுப்பிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். “என்ன நடந்தது, சொல்லுங்கள்” என்று கேட்டால், கடையில் ஒருமுறை, விமர்சனத்தில் ஒருமுறை சொன்னதை மூன்றாவது முறையும் அவர் சொல்ல வேண்டும். அதற்கு முன் புத்தகத்தை எடுங்கள். 412இல் எடுக்கும் தேதி முதலில் வெள்ளிக்கிழமை என்று எழுதி, அடித்து, ஞாயிறு என்று மாற்றியிருக்கிறது. மாற்றியதை அவருக்குத் தெரிவித்ததாகக் குறிப்பு இல்லை. கைச் சுற்றளவு 12 அங்குலம் என்று இருக்கிறது. தைத்தவரிடம் கேட்டால், அளவு ரவிக்கை வாங்காமல் நாடாவால் மட்டும் அளந்ததாகவும், துணி கனமான பட்டு என்பதால் லைனிங் வைத்ததாகவும் சொல்கிறார். லைனிங்குக்கு இடம் விடாமல் வெட்டியிருந்தால் கை ஏறாது. ஆக, தாமதமும் கடையின் தவறு, கையும் கடையின் தவறு. போன் எடுக்காததையும் மறுக்க முடியாது.

இதைத் தெரிந்துகொண்டு அனுப்பும் முதல் செய்தி வேறு மாதிரி இருக்கும்:

“வணக்கம், கடை உரிமையாளர் பேசுகிறேன். 412ஆம் பில்லைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றியிருக்கிறோம், உங்களிடம் சொல்லவில்லை. கையிலும் லைனிங்குக்கு இடம் விடாமல் வெட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். இரண்டும் எங்கள் தவறு. ரவிக்கையைப் பார்த்தால்தான் பிரிக்க முடியுமா என்று சொல்ல முடியும். நீங்கள் கொண்டுவர வேண்டாம், ஆள் அனுப்பி வாங்கிக்கொள்கிறேன். எந்த நாள் வசதி?”

இதில் விமர்சனம் என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். முதல் செய்தியில் அந்தச் சொல் வந்துவிட்டால், அவருக்கு உடனே புரிந்துவிடும்: இவர்களுக்குக் கவலை என் ரவிக்கையைப் பற்றி இல்லை.

ரவிக்கை வந்தது. உள்தையலில் இரு பக்கமும் அரை அங்குலம் துணி விட்டிருக்கிறார்கள். பிரித்தால் கைக்கு ஓர் அங்குலம் வரை கிடைக்கும். ஒன்று சரியாகிவிட்டது. இன்னொன்றில் துணி விடவில்லை, அக்குளில் பட்டு இழுத்துக் கிழியத் தொடங்கியிருக்கிறது. அதற்குத் தையல் கூலியைத் திருப்பித் தருவதும் துணிக்கு ஈடு செய்வதும்தான் நியாயம். “அடுத்த முறை பத்து விழுக்காடு தள்ளுபடி” என்பது இங்கே ஈடாகாது. அடுத்த முறை வருவாரா என்பதே தெரியாதபோது அது கடைக்கான சலுகைதான். கவனத்துடனும் திறமையுடனும் சேவை தர வேண்டும் என்பது 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் எதிர்பார்ப்பு. அவர் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போனால் 5 ரிங்கிட் கட்டி மனு கொடுக்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. அந்த நிலைக்கு வரவிடாமல் முடிப்பது இருவருக்கும் நல்லது.

பணத்தையும் நட்சத்திரத்தையும் முடிச்சுப் போடுவது

“விமர்சனத்தை எடுத்துவிடுங்கள், பணத்தைத் திருப்பித் தருகிறேன்.” இந்த ஒரு வரி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். எதிர்மறை விமர்சனத்தை மாற்றவோ நீக்கவோ பணம், தள்ளுபடி, இலவசம் எதையும் கொடுப்பதைக் கூகலின் விதிகள் தடைசெய்கின்றன. விதி ஒருபுறம் இருக்கட்டும். அந்தச் செய்தியை அவர் படம்பிடித்துத் தன் விமர்சனத்தோடு சேர்த்துவிட்டால், கடை பணம் கொடுத்து வாயை அடைக்கப் பார்த்தது என்பதுதான் இனி எல்லோரும் படிக்கும் கதை. வழக்கறிஞர் கடிதம் அனுப்புவேன் என்ற மிரட்டலுக்கும் இதே கதிதான். தனிச் செய்தி என்று நினைத்து எழுதுகிற ஒவ்வொரு வரியும் நாளை பொதுவில் வரலாம் என்று நினைத்தே எழுதுங்கள்.

பணத்தைக் கொடுத்துவிடுங்கள், நிபந்தனை வைக்காதீர்கள். விமர்சனத்தை மாற்றச் சொல்லிக் கேட்கவே கூடாதா என்றால், அதே பேச்சில் கேட்கக்கூடாது என்பது என் கருத்து. ஈடு கொடுத்த கையோடு கேட்டால், எவ்வளவு மென்மையாகக் கேட்டாலும் அது விலை பேசுவதாகத்தான் கேட்கும். மனம் சமாதானமானவர்களில் சிலர் தாமாகவே மாற்றுவார்கள், சிலர் மாற்றமாட்டார்கள். மாற்றாதவரிடம் கோபப்பட நமக்கு உரிமையில்லை. நடந்தது நடந்ததுதானே.

எதிர்ப்புறமும் உண்டு. “ஐந்நூறு ரிங்கிட் கொடுத்தால் எடுக்கிறேன்” என்று கேட்பவர்களுக்குக் கொடுக்காதீர்கள். செய்தியைச் சேமித்துவைத்து, விமர்சனத்தைக் கூகலிடம் புகார் செய்யுங்கள். ஆனால் கிழிந்த பட்டுக்கு ஈடு கேட்பதை மிரட்டல் என்று நினைத்துவிடக்கூடாது. அது அவருக்குச் சேர வேண்டியது.

பதில் வராதபோது துரத்துவது

பொதுப் பதில் எழுதியும் தேவி பேசவில்லை என்றால் அதோடு விட்டுவிடுங்கள். எண் உறுதியாகத் தெரிந்து ஒரு செய்தி அனுப்பியிருந்தால், இரண்டாவது செய்தி வேண்டாம். முகநூலில் தேடிப்பிடித்து எழுதுவது, வீட்டு வாசலில் இனிப்புப் பெட்டியோடு நிற்பது எல்லாம் அன்பாகத் தோன்றாது. தன் முகவரியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்ற பயம்தான் வரும். உங்கள் பொதுப் பதில் அங்கேயே இருக்கிறது. அடுத்து வருகிற வாடிக்கையாளர் அதைப் படிப்பார்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், பலரும் மறந்துவிடுவது. தேவி மனம் மாறி விமர்சனத்தைத் திருத்தி, “கடைக்காரரே ஆள் அனுப்பி வாங்கிச் சரிசெய்து கொடுத்தார்” என்று நான்கு நட்சத்திரம் கொடுத்தால், அதன் கீழே உங்கள் பழைய மன்னிப்புப் பதில் அப்படியே நிற்கும். அதையும் திருத்தி, நன்றி சொல்லி இரண்டு வரி எழுதிவிடுங்கள்.