தலையில செதில், நடுவுல முடி இல்லாத திட்டு: பொடுகுன்னு நெனச்சுப் பண்ற தப்புகள்

மேலூர் பக்கம் மெடிக்கல் கடையில நிக்கிற ஆளு நான். பொடுகு ஷாம்பு கேட்டு வராத நாளே கிடையாது, அதுல முக்காவாசிப் பேருக்கு நிஜமாவே பொடுகுதான், ஷாம்புவை ஒழுங்காப் போட்டாலே அடங்கிரும். ஆனா அப்பப்ப ஒரு அம்மா வந்து "தம்பி, பையனுக்கு பொடுகு ரொம்ப இருக்கு, ஒரு எடத்துல முடியும் கொட்டுது, நல்ல ஷாம்புவா குடுங்க"ன்னு கேப்பாங்க. அந்த "ஒரு எடத்துல" தான் விஷயமே. பொடுகு அப்படி ஒரு எடத்தை மட்டும் பாத்து முடியை எடுக்காது.

பொடுகுங்கிறது நம்ம எல்லார் தலையிலயும் இருக்கிற மலாசேசியாங்கிற ஈஸ்ட்டோட வேலை. தலையில சுரக்குற எண்ணெய்ப்பசையைத் தின்னு வளரும், அது வெளிய விடுற சமாச்சாரம் சில பேரு தோலுக்கு ஒத்துக்காம அரிச்சு செதிலா உதிரும். தலை பூரா பரவலா இருக்கும், புருவம், மூக்கு ஓரம், காதுக்குப் பின்னாடின்னு எண்ணெய் வழியுற எடத்துலயும் வரும். சொறிஞ்சு சொறிஞ்சு முடி கொஞ்சம் கூடுதலாக் கொட்டலாம், ஆனா அதுவும் பரவலாத்தான் கொட்டும். அப்புறம் ஆறேழு வயசுப் பிள்ளைக்கு தலையில அம்புட்டு எண்ணெய் சுரக்காது, அதனால அந்த வயசுல பொடுகுன்னு யாரு சொன்னாலும் எனக்கு ஒரு சந்தேகம் வந்துரும்.

இன்னொன்னு, உடம்புல வருமே படர்தாமரை, அதே வகை பூஞ்சை தலையில வர்றது. இது முடிக்குள்ளயே பூந்துரும். பெரும்பாலும் பள்ளிக்கூடம் போற பிள்ளைகளுக்குத்தான் வரும், பெரியவங்களுக்கு கம்மி.

போன வருசம் ஒரு அக்கா ரெண்டாவது படிக்கிற மகனைக் கூட்டிட்டு வந்தாங்க. அதுக்கு முன்னாடியே எலுமிச்சம்பழமும் தயிரும் போட்டாச்சு, புழுவெட்டா இருக்கும்னு பக்கத்து வீட்டு அத்தை சொல்லி சின்ன வெங்காயம் தேச்சாச்சு, பொடுகு ஷாம்பு ரெண்டு மாசமாப் போடுறாங்க, அப்புறம் எங்கயோ ஒரு கடையில குடுத்த ட்யூப் மருந்தும் தடவிக்கிட்டு இருந்தாங்க. பையனை வெளிச்சத்துல திருப்பி முடியை விலக்கிப் பாத்தா, உச்சிக்குப் பின்னாடி பத்து ரூபாக் காசு அளவுக்கு ஒரு வட்டம், சாம்பல் கலர்ல செதில், நடுவுல முடி சுத்தமா இல்லாம இல்ல, தோலோட ஒட்டி ஒடிஞ்சு கருப்புப் புள்ளி புள்ளியா நிக்குது. பின்கழுத்துல விரலை வச்சா ரெண்டு மூணு நெறிகட்டி. இம்புட்டும் சேந்து இருந்தா அது பொடுகு கெடையாது. புழுவெட்டும் கெடையாது, புழுவெட்டுல அந்த எடம் செதிலே இல்லாம வழவழன்னு இருக்கும், அரிப்பும் பெருசா இருக்காது.

இதுல எல்லாரும் பண்ற பெரிய தப்பு, மேல தடவியே சரி பண்ணிரலாம்னு நெனக்கிறது. பூஞ்சை இருக்கிறது முடித்தண்டுக்குள்ள, தோலுக்கு அடியில வேர்ப்பக்கம் வரைக்கும், ஷாம்புவும் க்ரீமும் அங்க போய்ச் சேராது. அதுக்கு மாத்திரைதான், கிரிசியோஃபுல்வின் இல்லைன்னா டெர்பினாஃபின், பிள்ளையோட எடையைப் பாத்து டாக்டர்தான் அளவு சொல்லணும். கீட்டோகோனசோல் ஷாம்பு கூடச் சேத்துக் குடுப்பாங்க, அது நோயை ஆத்துறதுக்கு இல்ல, தலையில இருந்து உதிர்ற கிருமி அடுத்த பிள்ளைக்குப் போகாம இருக்க. அதே கீட்டோகோனசோல் மாத்திரையாவும் வரும், ஷாம்புல இருக்கிற மருந்துதானேன்னு அதைக் கேட்டு வாங்கிப் போடாதீங்க, ஈரலைக் கெடுக்கும்.

அடுத்தது அந்த ட்யூப். அட்டையைத் திருப்பிப் பாத்தா குளோபெட்டசால்னு ஒரு பேரு இருந்துச்சு, பலமான ஸ்டீராய்டு, கூடவே ஒரு பூஞ்சை மருந்தும் ஒரு ஆன்டிபயாடிக்கும் கலந்தது. தடவுனா ரெண்டு நாள்ல அரிப்பும் செவப்பும் அடங்கிரும், சரியாயிருச்சுன்னு சந்தோசப்படுவோம், உள்ள பூஞ்சை சாவகாசமாப் பரவிக்கிட்டு இருக்கும். அதைவிட, அடையாளமே மாறிப்போய் டாக்டருக்கே கண்டுபிடிக்கக் கஷ்டமாயிரும். எங்க தொழில்ல இருக்கிறவங்களே சீட்டு இல்லாம இதை எடுத்துக் குடுக்குறதுதான் எனக்கு எரிச்சல்.

அழகர்கோயில்ல முடி இறக்கிட்டா சரியாயிரும்னும் சொல்வாங்க. நேத்திக்கடன் இருந்தா தாராளமா இறக்குங்க, ஆனா மொட்டை போட்டா மேல இருக்கிற முடிதான் போகும், தோலுக்கு அடியில இருக்கிறது அப்படியேதான் இருக்கும். இறக்குனாலும் ப்ளேடு புதுசா மாத்தச் சொல்லுங்க.

அந்த அக்காவை ட்யூபை நிறுத்திட்டு தோல் டாக்டர்கிட்ட போகச் சொல்லி அனுப்புனேன். மதுரை பெரியாஸ்பத்திரியிலயும் தோல் பிரிவு இருக்கு. அங்க ஒடிஞ்ச முடியை இடுக்கியால ரெண்டு பிடுங்கி, செதிலையும் கொஞ்சம் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்ல பாப்பாங்க, வலிக்கிற டெஸ்ட்டு இல்ல. பையனுக்கு பூஞ்சைன்னு வந்துச்சு, கிரிசியோஃபுல்வின் எழுதிக் குடுத்தாங்க. இந்த மாத்திரை வெறும் வயித்துல சரியா ஒட்டாது, கொழுப்பு இருக்கிற சாப்பாட்டோட, பாலு முட்டைன்னு ஏதாவது சாப்பிட்டதும் குடுக்கணும். ஆறுல இருந்து எட்டு வாரம் ஆகும். மூணாவது வாரம் அரிப்பு நின்னதும் அக்கா "இன்னும் எதுக்கு தம்பி, புள்ளைக்குச் சூடு"ன்னு நிறுத்தப் பாத்தாங்க, பாதியில விட்டா திரும்ப வந்துரும்னு சொல்லி முழுசாக் குடுக்க வச்சோம்.

சில பிள்ளைகளுக்கு அந்த எடம் பொதபொதன்னு வீங்கி சீழ் வடியும். கட்டின்னு நெனச்சு கீறிவிடக் கூடாது, அதுவும் பெரும்பாலும் அதே பூஞ்சைதான், அழுத்திக் கீறுனா தழும்பாகி அந்த எடத்துல முடி முளைக்காமலே போயிரும். இதுக்கு காத்திருக்காம அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டணும்.

திட்டு இல்ல, தலை பூரா செதில் அரிப்புதான்னா வீட்லயே மொதல்ல பாக்கலாம். கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு, வாரம் ரெண்டு தடவை, நாலு வாரம். மொதல்ல சாதா ஷாம்பு போட்டு எண்ணெயைப் போக்கிட்டு, அப்புறம் இதை முடியில இல்ல தோல்ல படுற மாதிரி தேச்சு அஞ்சு நிமிசம் ஊறவிட்டு அலசணும். போட்டதும் அலசிட்டு "இந்த ஷாம்பு கேக்கல"ன்னு திரும்பக் கொண்டு வர்றவங்கதான் ஜாஸ்தி. பொடுகு வறட்சியால வருதுன்னு ராத்திரி பூரா தேங்கா எண்ணெய் ஊற வைக்காதீங்க, செதில் படிஞ்சு கண்ணுக்குத் தெரியாமப் போகுமே தவிர ஈஸ்ட்டுக்கு அது தீனி. நாலு வாரத்துல கொறையலைன்னாலோ, வெள்ளி மாதிரி தடிமனா செதில் நெத்தி ஓரத்தைத் தாண்டி வந்தாலோ அது சோரியாசிஸா இருக்கலாம், காட்டிருங்க. பெரியவங்களுக்கு முடி போன எடம் துவாரமே தெரியாம பளபளன்னு ஆனா தள்ளிப் போடவே கூடாது, வேரு செத்துட்டா முடி திரும்பாது.

மருந்து நடக்கும்போதே வீட்டைப் பாக்காம விடுறதும் ஒரு தப்பு. அந்தப் பையனோட தங்கச்சிக்கு காதுக்கு மேல லேசா செதில் மட்டும் இருந்துச்சு, யாரும் கண்டுக்கல, டெஸ்ட்டுல அவளுக்கும் அதேதான். ஒரே சீப்பு, ஒரே துண்டு, ஒரே தலகாணி. சீப்பையும் தொப்பியையும் தனியா வைங்க, தலகாணி உறை துண்டெல்லாம் சுடுதண்ணில அலசி நல்ல வெயில்ல காயப்போடுங்க, வீட்ல பூனைக்கோ நாய்க்குட்டிக்கோ எங்கயாவது முடி கொட்டியிருந்தா அதையும் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை கூட்டிட்டுப் போங்க. மாத்திரை ஆரம்பிச்சுட்டா பிள்ளையை பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம், வீட்லயே பூட்டி வைக்க வேண்டியதில்ல.