லிங்க்ட்இனில் நிறுவனர் கணக்கும் கம்பெனிப் பக்கமும்: எதை எங்கே எழுதுவது?

பெங்களூரு பீன்யாவில் இருக்கும் சின்னப் பட்டறைகளுக்கு, வெளியே வேலை செய்ய அனுப்பும் பொருளோடு போகும் ஜாப் ஒர்க் செலானுக்கான மென்பொருள் விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூரிலிருந்து வந்து, எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் நாலு பேரோடு ஆபீஸ். உங்கள் பெயரில் எழுதினால் பட்டறைக்காரர்கள் படிக்கிறார்கள். கம்பெனிப் பக்கத்தில் போட்டால் உங்கள் ஆட்கள் மட்டும் லைக் போடுகிறார்கள். இரண்டும் வேண்டும். வேலையைத்தான் பிரிக்க வேண்டும்.

முதலில் சாவி. கம்பெனிப் பக்கத்தை யாராவது ஒருவரின் சொந்தக் கணக்கு வழியாகத்தான் நிர்வகிக்க முடியும். அதனால் Super admin ஆக இரண்டு பேரை வையுங்கள். ஒருவரே இருந்து அவர் விலகினால் பக்கத்தை மீட்பது பெரிய தலைவலி. பதிவு போடும் பையனுக்கு Content admin போதும். உங்கள் சொந்தக் கணக்கின் கடவுச்சொல்லை அவருக்குக் கொடுக்காதீர்கள். கம்பெனியை விற்றால் பக்கம் அதோடு போகும், கணக்கு உங்களோடு வரும்.

அடுத்து, ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு கேள்வி: நாளைக்கு நான் விலகினால் இது யாரிடம் இருக்க வேண்டும்? விலை, புது வசதி, வேலைவாய்ப்பு, சர்வர் கோளாறு அறிவிப்பு எல்லாம் பக்கத்துக்கு. நீங்கள் நேரில் பார்த்தது, ஒரு முடிவை ஏன் எடுத்தீர்கள் என்பது உங்கள் கணக்குக்கு.

ஒரே விஷயத்தை இரண்டாக எழுதிப் பார்ப்போம். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் 1 வருடத்துக்குள் திரும்ப வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. விதி. திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்காகி, வரியோடு வட்டியும் வரும். அதற்காக 330ஆம் நாளில் எச்சரிக்கை தரும் வசதியைச் சேர்த்திருக்கிறீர்கள். பக்கத்தில்: எந்த பிளானில் உண்டு, எங்கே ஆன் செய்வது, ஒரு ஸ்கிரீன்ஷாட். உங்கள் கணக்கில்: ஒரு பட்டறையில் பழைய செலான்கள் ஆணியில் குத்தித் தொங்கியதைப் பார்த்தது, அப்புறம் ஏன் 360 வேண்டாம், 330 என்று முடிவு செய்தீர்கள் என்பது. பட்டறையின் பெயர் போடுவதென்றால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஒன்றை அப்படியே காப்பி செய்து மற்றதில் ஒட்டாதீர்கள். இரண்டையும் பின்தொடர்பவர் ஒன்றை விட்டுவிடுவார்.

சரி, எவ்வளவு பிரிப்பது? உங்கள் இன்பாக்ஸைப் பாருங்கள். "பில் பிரிண்ட் ஆகலை சார்" என்று வாடிக்கையாளர் உங்களுக்கே எழுதுகிறார் என்றால் பிரிவு போதவில்லை. பதில் சொல்லிவிட்டு, கம்பெனியின் சப்போர்ட் எண்ணையும் கொடுத்து, அந்தப் புகாரை அன்றே அங்கே பதிய வையுங்கள். மாறாக, உங்களைத் தெரிந்தவர்களுக்கு என்ன விற்கிறீர்கள் என்று தெரியவில்லையா? பிரிவு அதிகம். பெயருக்குக் கீழே வரும் வரியில் "நிறுவனர்" என்று மட்டும் போடாமல், யாருக்கு என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

ஒன்றை மட்டும் பிரிக்கவே முடியாது. "கருத்துகள் என் சொந்தமானவை" என்று ப்ரொஃபைலில் எழுதி வைத்தாலும், அரசியலோ போட்டியாளரைப் பற்றிய கோபமோ நீங்கள் எழுதினால் அது கம்பெனி சொன்னதாகவே படிக்கப்படும்.