முதல் ஓப்பன் மைக்: ஐந்து நிமிடம் எங்கே கைநழுவுகிறது

ஸ்டாண்ட்-அப் காமெடியில் யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து மேடையேறிப் பார்க்கிற நிகழ்ச்சிதான் ஓப்பன் மைக். அதில் பெயர் கொடுத்ததும் புதியவர் செய்யும் முதல் காரியம், ஐந்து நிமிடம் பேசுவதற்குச் சரியாக ஐந்து நிமிட அளவுக்கு எழுதுவது. கணக்கு அங்கேயே பிசகிவிடுகிறது. பெயர் கூப்பிட்டு, மேடை ஏறி, மைக்கைக் கையில் எடுப்பதற்குள் பத்துப் பதினைந்து விநாடி போய்விடும். ஜனங்கள் சிரித்தால் அந்தச் சிரிப்புக்கும் நேரம் வேண்டும். பல இடங்களில் நான்காவது நிமிடம் முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஹோஸ்ட் செல்போன் டார்ச்சை ஆட்டுவார். ‘லைட் காட்டுறது’ என்பது இதுதான். இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது என்று அர்த்தம். ஐந்து நிமிடத்துக்கும் எழுதி வைத்தவருக்கு அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் பதற்றம் வந்துவிடும். கடைசிக்கென்று வைத்திருந்த நல்ல ஜோக்கைப் பாதியில் விட்டுவிட்டு இறங்குவார், இல்லாவிட்டால் அடுத்தவர் நேரத்தைத் தின்பார். எங்கே லைட் வரும், எப்போது வரும் என்பதை முன்கூட்டியே ஹோஸ்ட்டிடம் கேட்டுவிடுங்கள்.

வீட்டில் தனியாகச் சொல்லிப் பார்க்கும்போது நான்கு நிமிடத்தில் முடிகிற அளவு இருந்தால் போதும். யாருமே சிரிக்காமல் மூன்றரை நிமிடத்தில் முடிந்துவிட்டாலும், நன்றி சொல்லி இறங்கியவரை ஒருவரும் குறை சொல்வதில்லை. ஏழு நிமிடம் பேசியவரை மறுபடி கூப்பிட யோசிப்பார்கள்.

அடுத்த தவறு, ஜோக்குக்கு முன்னால் போடுகிற நீளமான பாதை. ஒரு உதாரணம். வாடகை வீட்டைப் பற்றிய ஜோக்கைப் புதியவர் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவார்:

“போன வருஷம் மார்ச்ல நானும் என் ஃப்ரெண்டும் வேளச்சேரி பக்கம் வீடு தேடிக்கிட்டு இருந்தோம். ப்ரோக்கர் நாலு வீடு காட்டினாரு, மூணு புடிக்கல. கடைசில ஒண்ணு புடிச்சுது. ஓனர் நிறைய கண்டிஷன் போட்டாரு. அசைவம் கூடாது, பத்து மணிக்கு மேல வரக் கூடாது, சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது. உள்ள போய்ப் பாத்தா ஒரே ஒரு ஆணில அவங்க தாத்தா போட்டோ மட்டும் தொங்கிட்டு இருந்துச்சுன்னு வச்சுக்கோங்களேன்.”

நிதானமாகச் சொன்னால் இருபத்தைந்து விநாடிக்குப் பக்கத்தில் வரும். மார்ச் மாதம், ஃப்ரெண்டு, ப்ரோக்கர், பிடிக்காத மூன்று வீடுகள் எதுவும் கடைசிச் சிரிப்புக்கு உதவவில்லை. கேட்பவர்கள் அத்தனையையும் மனதில் சுமந்துகொண்டு, எது முக்கியம் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். வெட்டிப் பாருங்கள்:

“எங்க ஹவுஸ் ஓனர் ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டாரு. சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது. வீடு முழுக்க இருக்கிறது ஒரே ஆணி. அதுல தொங்குறது... அவரோட தாத்தா.”

பத்து விநாடிதான். இன்னொரு மாற்றத்தையும் கவனியுங்கள். முதல் வடிவத்தில் ‘தாத்தா’ வந்த பிறகும் வாக்கியம் ஓடுகிறது: ‘போட்டோ மட்டும் தொங்கிட்டு இருந்துச்சுன்னு வச்சுக்கோங்களேன்’. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால் இந்தச் சிக்கல் நமக்குக் கொஞ்சம் அதிகம். சிரிக்க வைக்கிற சொல்லைச் சொன்ன பிறகும் ‘...ன்னு சொன்னாரு’, ‘...ன்னு ஆயிடுச்சு’ என்று வால் நீளும். சிரிக்கத் தொடங்கியவர், இன்னும் பேசுகிறாரே என்று அடக்கிக்கொள்வார். பேச்சுத் தமிழில் இதற்கு வழி இருக்கிறது: “அவர் கேட்டாரு” என்பதை முன்னால் போட்டுவிட்டு, அவர் கேட்டதைக் கடைசியில் வையுங்கள். எழுதிய ஒவ்வொரு ஜோக்கின் கடைசிச் சொல்லையும் பேனாவால் வட்டமிட்டால் வால் எங்கே நீள்கிறது என்று தெரிந்துவிடும்.

சிரிப்பு வந்த இடத்தை உடனே விட்டு ஓடுவதும் நஷ்டம்தான். பாதை போட்டாயிற்று, அதன்மேல் இன்னொரு வரி வைக்கக் கூடுதல் விளக்கம் தேவையில்லை. “தினம் காலைல எந்திரிச்சா அவர் முகத்துலதான் முழிக்கிறேன். ஒண்ணாந்தேதி மட்டும் கொஞ்சம் முறைக்கிற மாதிரி இருக்கும்.” இதை ‘டேக்’ என்பார்கள். ஒரு ஜோக்குக்கு இரண்டு டேக் கிடைத்தாலே நான்கு நிமிடத்துக்கு மூன்று விஷயங்கள் போதும். பத்து விஷயம் தேடி அலைய வேண்டாம்.

மூன்றையும் அடுக்குவதில் நடக்கும் தவறு, இருப்பதிலேயே நல்லதை முதலில் வைத்துவிடுவது. இரண்டாவது நல்லதை முதலில் வையுங்கள், நம்பிக்கை குறைந்ததை நடுவில், சிறந்ததைக் கடைசியில். முடிவில் பெண் பார்க்கப் போன கதை வருகிறதென்றால், பெண்ணின் அம்மா செல்போனில் வீட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, “சுவத்துல யாரு தம்பி, உங்க தாத்தாவா?” என்று கேட்கலாம். மூன்று நிமிடம் முன்பு பார்த்த ஆளை ஜனங்களே அடையாளம் கண்டுகொள்வார்கள். விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம், சொன்னால் கெடும்.

தொடக்கத்தில் “இதான் என் ஃபர்ஸ்ட் டைம், ஏதாவது தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க” என்பது கிட்டத்தட்ட எல்லாருக்கும் வாயில் வந்துவிடும். கேட்டதும் முன்வரிசைக்காரர் உங்களுக்காகக் கவலைப்படத் தொடங்குவார், கவலைப்படுகிறவர் சிரிக்க மாட்டார். அரை நிமிடத்துக்குள் முதல் சிரிப்புக்கான இடம் வந்துவிட வேண்டும்.

ஒத்திகைக்கு வருவோம். கண்ணாடி முன்னால் பேசினால் கவனமெல்லாம் நம் முகத்தின் மேலேயே போகும். நண்பர்களிடம் சொன்னால், உங்களைத் தெரியும் என்பதாலேயே சிரிப்பார்கள். நின்றுகொண்டு, கரண்டியோ தண்ணீர் பாட்டிலோ ஒன்றை மைக் மாதிரி பிடித்து, சத்தமாகச் சொல்லி, செல்போனில் பதிவு செய்து கேளுங்கள். சிரிக்க வைக்கிற வரியை ‘பஞ்ச்’ என்பார்கள். ஒவ்வொரு பஞ்ச் முடிந்த பிறகும் மனதுக்குள் ‘ஒண்ணு, ரெண்டு’ என்று எண்ணி நிறுத்துவதையும் பழக வேண்டும். வீட்டில் சிரிக்க ஆள் இல்லாததால் இந்த இடைவெளி பழக்கத்தில் வராது. மேடையில் பதற்றம் வேகத்தைக் கூட்ட, சிரிப்பின் மேலேயே அடுத்த வரியை ஏற்றிவிடுவோம். நான்கு நிமிட செட் இரண்டேமுக்காலில் முடிவது இதனால்தான்.

வார்த்தைக்கு வார்த்தை மனப்பாடம் செய்வதும் ஆபத்து. ஒரு சொல் தட்டினால் அதன்பின் உள்ள எல்லாமே மறந்துபோகும், பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டி மாதிரி. முதல் வரி, ஒவ்வொரு பஞ்ச், கடைசி வரி மட்டும் அப்படியே மனதில் இருக்கட்டும். மற்றதற்கு ‘ஆணி, பேங்க், பெண் வீடு’ என்று மூன்று சொல்லைச் சின்னச் சீட்டில் பெரிதாக எழுதித் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கலாம். உள்ளங்கையில் எழுதினால் வியர்வையில் மை கரைந்து, ‘ஆணி’ வெறும் நீலக்கறையாகத்தான் இருக்கும்.

மைக்கை ஸ்டாண்டிலிருந்து எடுத்தால் அந்த ஸ்டாண்டை முதுகுப் பக்கம் நகர்த்திவிடுங்கள். முன்னாலேயே விட்டால் செட் முழுக்க ஒரு கம்பிக்குப் பின்னால் நிற்பீர்கள். மைக் வாயிலிருந்து இரண்டு விரல் தூரத்தில், தாடைக்குச் சற்று மேலே இருக்கட்டும். பதற்றத்தில் கை மெதுவாக நெஞ்சுக்கு இறங்கும், அப்போது பஞ்ச் பின்வரிசைக்குக் கேட்காது. ஜோக்கே சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துவிடுவீர்கள். வலையுள்ள தலையைக் கையால் மூடிப் பிடித்தாலும், ஸ்பீக்கருக்கு நேரே நீட்டினாலும் கீச்சிடும்.

ஒரு ஜோக் விழாமல் போனால் “இது வொர்க் ஆகலையா?” என்று கேட்காமல் அடுத்ததுக்குப் போங்கள். லைட் தெரிந்ததும் நடுவில் மிச்சமிருப்பதை விட்டுவிட்டு நேரே கடைசி ஜோக்குக்கு வாருங்கள். அதற்கு எந்த இடத்திலிருந்தும் தாவுவதை வீட்டிலேயே இரண்டு மூன்று முறை பழகியிருக்க வேண்டும். முடித்ததும் மைக்கை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, ஹோஸ்ட் மேடைக்கு வரும்வரை நின்று, பிறகு இறங்குங்கள்.